ரப்பர் கயிறும் ஒலிம்பிக் பாடமும்



ஒலிம்பிக் வந்துவிட்டால் நம் பள்ளிகளில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். சார்ட் அட்டை வாங்கி, ஐந்து வளையம் வரைந்து, வண்ணம் தீட்டி, கீழே ‘மேன்மை, நட்பு, மரியாதை’ என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். செயல்திட்டம் முடிந்தது, மதிப்பெண்ணும் போட்டாயிற்று. ஆனால் அன்று மாலையே அந்தப் பிள்ளைகள் மைதானத்தில் ‘அவுட்டா இல்லையா’ என்று சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். படம் வரைந்தது ஒரு பக்கம், விளையாட்டு இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒலிம்பிக்கை மீட்டெடுத்த பியர் தெ குபெர்த்தேன் ஒரு கல்விச் சிந்தனையாளர். பிரான்சு நாட்டுப் பிள்ளைகளின் படிப்பில் விளையாட்டுக்கு இடமில்லையே என்ற கவலையில் இங்கிலாந்துப் பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்தவர். 1894 ஜூன் 23 அன்று பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அவர் கூட்டிய மாநாட்டில்தான் பன்னாட்டு ஒலிம்பிக் குழு பிறந்தது. அப்போது அவருக்கு வயது 31. ஆக, ஒலிம்பிக் எண்ணத்தின் வேரே பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. இப்போதும் அந்தக் குழு பள்ளிகளுக்கென்று விழுமியக் கல்வித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. இந்தியாவில் 2022 மே மாதம் ஒடிசாவில் அது தொடங்கியது. புவனேசுவரத்திலும் ரூர்கேலாவிலும் 90 பள்ளிகள் அதில் சேர்ந்தன.

நம் திருமலைராயன்பட்டினத்துக்கு நான் சொல்லும் செயல்திட்டம் அவ்வளவு பெரியதல்ல. ஏழாம் வகுப்புக்கு ஏற்றது. உயரம் தாண்டுதலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பட்டினச்சேரிக் கடற்கரையின் காய்ந்த மணலோ, பள்ளி மைதானத்தில் கொத்திவிட்ட மணல் குழியோ போதும். கம்பி வேண்டாம், காலில் சிக்கினால் பிள்ளை விழுந்துவிடும். இழுத்தால் நீளும் ரப்பர் கயிறு வேண்டும். இரண்டு கழிகளை ஊன்றி, பத்து பத்து சென்டிமீட்டருக்குக் கோடு போட்டு, கயிற்றை 30 சென்டிமீட்டரில் கட்டித் தொடங்கலாம். தலைகுப்புறப் பாய்வதெல்லாம் கூடாது. ஓடி வந்து, ஒரு கால் மாற்றி ஒரு காலாகத் தாண்டி, பாதத்தில் இறங்க வேண்டும். ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு.

இங்கே ஒரு விதியை மட்டும் நாம் மாற்றிக்கொள்கிறோம். உண்மையான போட்டியில் உடம்பு கம்பியில் பட்டாலும் கம்பி விழாவிட்டால் தாண்டியதாகவே கணக்கு. நம் ஆட்டத்தில் கயிறு மேலே பட்டாலே தவறு. பட்டதா இல்லையா என்பதைத் தாண்டிய பிள்ளைதான் கைதூக்கிச் சொல்ல வேண்டும். நடுவர் கிடையாது. ரப்பர் கயிறு லேசாக உரசினால் அது அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரியும். நான்கு பேர் பார்க்கும்போது ‘பட்டுச்சு சார்’ என்று தானாகச் சொல்வது பன்னிரண்டு வயதில் எளிதல்ல. பரிசு அறிவித்தால் அந்தக் குரல் அடங்கிப்போகும். அதனால் முதல் நாள் பரிசே வேண்டாம்.

இனி மதிப்பெண் தாள். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, தாண்டினால் வட்டம், தவறினால் பெருக்கல் குறி, அந்த உயரத்தில் தாண்டாமல் அடுத்த உயரத்துக்குப் போனால் சிறு கோடு என்று பிள்ளைகளே எழுதட்டும். இரண்டு பேர் 60 சென்டிமீட்டர் தாண்டி, 70-இல் மூன்று முறையும் தவறினார்கள் என்று வையுங்கள். யார் முதலிடம்? முதலில் 60-ஐ யார் குறைந்த தவறோடு தாண்டினார் என்று பார்க்க வேண்டும். இருவரும் முதல் வாய்ப்பிலேயே தாண்டியிருந்தால், 60 வரை செய்த மொத்தத் தவறுகளை எண்ண வேண்டும். ஒருவர் 50-இல் ஒரு முறை தவறியிருந்தால் மற்றவர் முதலிடம். அதிலும் சமம் என்றால் முதலிடத்துக்கு மட்டும் மீண்டும் தாண்டச் சொல்லலாம். இருவரும் வேண்டாம் என்றால் முதலிடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். தடகளத்தின் உண்மையான விதியே இதுதான்.

சமநிலை வந்த பிறகுதான் பாடம் தொடங்குகிறது. வராவிட்டால் ஆசிரியரே ஒரு தாளை எழுதிக் கொடுக்கலாம். ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு, அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதற்குமுன் எந்தக் கதையும் சொல்லிவிடாதீர்கள். கதை சொல்லிவிட்டால் எல்லோரும் ஆசிரியருக்குப் பிடித்த விடையைத்தான் எழுதுவார்கள்.

எழுதி முடித்ததும் பாரிசு 2024 பற்றிச் சொல்லுங்கள். நியூசிலாந்தின் ஹாமிஷ் கெர்ரும் அமெரிக்காவின் ஷெல்பி மக்யூவனும் 2.36 மீட்டரில் சமமாக நின்றார்கள். பகிர்ந்துகொள்ள வாய்ப்பு இருந்தும் மீண்டும் தாண்டினார்கள். கம்பியை இறக்கி இறக்கி வைக்க, 2.34 மீட்டரில் கெர் தாண்டினார், மக்யூவன் வெள்ளியோடு நின்றார். அடுத்து டோக்கியோ. 2021 ஆகஸ்ட் 1. கத்தாரின் முத்தாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்க்கோ தம்பேரியும் 2.37 மீட்டர் வரை ஒரு தவறும் செய்யவில்லை. 2.39-இல் இருவரும் மூன்று முறையும் தவறினார்கள். பெலாரசு வீரர் ஒருவரும் அதே 2.37-ஐத் தாண்டியிருந்தார். ஆனால் வழியில் தவறுகள் இருந்ததால் அவருக்கு வெண்கலம். அதிகாரி வந்து மீண்டும் தாண்டுவது பற்றி விளக்கத் தொடங்கியபோது, இரண்டு தங்கம் தர முடியுமா என்று பர்ஷிம் கேட்டார். முடியும் என்றதும் இருவரும் கட்டிக்கொண்டார்கள். தம்பேரி கணுக்கால் காயத்தால் 2016 ரியோ ஒலிம்பிக்கையே இழந்தவர். அப்போது காலில் போட்ட மாவுக்கட்டை டோக்கியோ மைதானத்துக்கே எடுத்து வந்திருந்தார்.

இரண்டு முடிவும் விதிக்கு உட்பட்டவை. பகிர்ந்தவர் நல்லவர், போட்டியிட்டவர் பேராசைக்காரர் என்று பிள்ளைகள் தீர்ப்பு எழுத விடக்கூடாது. மேன்மையை நாடுவதும் ஒலிம்பிக் விழுமியம்தான், நட்பும் விழுமியம்தான். சில நேரம் இரண்டும் எதிரெதிரே நிற்கும். ஆகவே எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு மதிப்பெண் போட வேண்டாம். எதிரே நிற்பவரின் நிலையை நினைத்துப் பார்த்துக் காரணம் எழுதியிருக்கிறாரா என்பதற்குப் போடுங்கள். மக்யூவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஒரு வரி எழுதிய பிள்ளைதான் பாடத்தைப் பிடித்தவர்.

கட்டாயம் வரும் ஒரு சண்டையையும் சொல்லிவிடுகிறேன். குள்ளமான பிள்ளை, ‘எனக்கும் அவனுக்கும் ஒரே உயரத்துல கயிறா?’ என்று கேட்கும். நியாயமான கேள்வி. அப்போது சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலுவைச் சொல்லுங்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர். பாராலிம்பிக்கில் குறைபாட்டின் தன்மையையும் அளவையும் பார்த்து வீரர்களை வகுப்புகளாகப் பிரித்தே போட்டி வைக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு, கயிற்றை அவரவர் முழங்கால் உயரத்திலிருந்து அளக்கலாமா என்று வகுப்பே பேசி முடிவெடுக்கட்டும். இரண்டாம் நாள் அந்த விதிப்படி ஆடிப் பார்த்து, இரண்டு நாள் தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடட்டும்.

தவறு எங்கே நடக்கும்? கழிக்குப் பதில் பிள்ளைகளையே கயிறு பிடிக்கச் சொன்னால் நண்பனுக்குத் தாழ்த்துவார்கள், பிடிக்காதவனுக்கு உயர்த்துவார்கள். ஆகவே கழியை விட வேண்டாம். ஒரு நாள் முழுக்க ஒருவர்கூட ‘பட்டுச்சு’ என்று சொல்லவில்லையா? எல்லோரும் நன்றாகத் தாண்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ கேலிக்குப் பயப்படுகிறார்கள். அப்போது ஆசிரியரே முதலில் தாண்டி, பட்டதைச் சொல்லட்டும்.

ஜூன் 23 ஒலிம்பிக் நாள். வெயில் ஏறுமுன் காலை எட்டு மணிக்குள் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். ரப்பர் கயிறு, இரண்டு கழி, அளவு நாடா, ஒரு நோட்டு, இவ்வளவுதான் செலவு. திருமலைராயன்பட்டினத்தின் உடற்கல்வி ஆசிரியர்களும் வகுப்பாசிரியர்களும் இந்த ஆண்டு சார்ட் அட்டைக்குப் பதிலாக இதைச் செய்து பார்க்க வேண்டுகிறேன்.