காதுல 'பட்'னு ஒரு சத்தம்: ஒரு கிணறு, பத்து மீட்டர் ஆழம், அடைபட்ட காத்து

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, லேசாகத் திருத்தியது)

இந்த வாரம் கதை காஞ்சிபுரத்துல ஆரம்பிக்குது. ஆனா பட்டுப்புடவையும் இல்ல, இட்லியும் இல்ல. ஒரு கிணறு.

என் அக்கா வீடு காஞ்சிபுரத்துல இருக்கு. வீட்டுல தறி ஓடும். அக்கா பையனுக்குப் பத்தொன்பது வயசு. கோடையில பசங்களோட சேர்ந்து ஊருக்கு வெளிய ஒரு பம்ப்செட் கிணத்துல குளிக்கப் போவான். போன கோடையில அங்க யாரோ ஒரு பித்தளைக் குடத்தைத் தவறவிட்டுட்டாங்க. தண்ணியோட ஆழம் முப்பது அடிக்கு மேல. "நான் எடுத்துட்டு வரேன்"னு இவன் தலைகீழா பாஞ்சிருக்கான். அப்ப அவனுக்கு ஜலதோஷம் வேற.

கொஞ்ச ஆழத்துலயே காது வலிச்சிருக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கீழ போயிருக்கான். திடீர்னு இடது காதுல 'பட்'னு ஒரு சத்தம். ஆச்சரியம் என்னன்னா, வலி உடனே குறைஞ்சுடுச்சு. ஆனா அடுத்த நொடி காதுக்குள்ள ஐஸ் ஊத்தின மாதிரி ஒரு குளிர், உலகமே சுத்த ஆரம்பிச்சிருக்கு. "மாமா, மேல எது, கீழ எதுன்னே தெரியல"ன்னான். கைக்கு மோட்டார் பைப் மாட்டினதால அதைப் பிடிச்சு ஏறி வந்துட்டான். பைப் இல்லன்னா இந்த எபிசோடை நான் பேசியிருக்க மாட்டேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துட்டு, செவிப்பறையில ஓட்டைன்னு சொன்னார். அவனுக்குக் கிணத்துல என்ன நடந்துச்சுங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

முதல்ல அழுத்தம். இப்ப நீங்க உக்காந்திருக்கற இடத்துல, உங்க மேல இருக்கற மொத்தக் காத்தும் உங்களை அழுத்திட்டுதான் இருக்கு. அதை ஒரு பங்குன்னு வெச்சுக்குவோம். தண்ணி காத்தைவிட ரொம்பக் கனம். அதனால வெறும் பத்து மீட்டர் தண்ணியே, அதாவது சுமார் 33 அடி, வானம் முழுக்க இருக்கற காத்துக்குச் சமமா அழுத்தும். பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு பங்கு. இருபது மீட்டர்ல மூணு. முப்பதுல நாலு.

அப்ப உடம்பு நசுங்கிடாதா? நசுங்காது. சதை, ரத்தம் எல்லாம் பெரும்பாலும் தண்ணிதான். தண்ணியை அழுத்தினா அது சுருங்காது, அழுத்தத்தை அப்படியே அடுத்த பக்கத்துக்குக் கடத்திடும். பிரச்சினை காத்து அடைபட்டிருக்கற இடங்கள்ல மட்டும்தான். அழுத்தம் ரெண்டு மடங்கானா காத்து பாதியாகும். மூணு மடங்கானா மூணுல ஒரு பங்காகும். ஸ்கூல்ல பாயில் விதின்னு படிச்சது இதுதான்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் காத்தை ஒரு பலூன்ல கட்டிக் கீழ கொண்டு போறீங்க. பத்து மீட்டர்ல அது அரை லிட்டர். இருபதுல 330 மில்லி. முப்பதுல 250 மில்லி. கவனிச்சீங்களா? முதல் பத்து மீட்டர்ல அரை லிட்டர் காணாமப் போச்சு. அடுத்த பத்து மீட்டர்ல போனது 170 மில்லிதான். அதுக்கடுத்த பத்துல வெறும் 80. ஆழம்னாதான் ஆபத்துன்னு நினைக்கிறோம். ஆனா அடைபட்ட காத்து ரொம்ப வேகமா மாறுறது மேல்மட்டத்துலதான். அதாவது ஒரு சாதாரண கிணத்தோட ஆழத்துல.

இப்ப காதுக்கு வருவோம். காது துவாரத்தோட உள்முனையில செவிப்பறை இருக்கு. ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு தடிமன். கிட்டத்தட்ட ஒரு தாள். அதுக்குப் பின்னாடி நடுச்செவின்னு ஒரு குட்டி அறை, முழுக்கக் காத்து. அந்த அறையிலிருந்து மூக்குக்குப் பின்புறம், தொண்டை வரைக்கும் ஒரு மெல்லிய குழாய் போகுது. யூஸ்டேஷியன் குழாய்னு பேரு. அந்த அறைக்குக் காத்து போக, வர இருக்கற ஒரே வழி அதுதான்.

தண்ணிக்குள்ள இறங்கும்போது வெளிய இருந்து தண்ணி செவிப்பறையை அழுத்தும். உள்ள இருக்கற காத்து சுருங்கும். செவிப்பறை உள்பக்கமா வளையும். அதுதான் அந்த வலி. ஒவ்வொரு மீட்டருக்கும் அந்தத் தாள் மேல சுமார் அறுபது கிராம் எடை கூடுதுன்னு வெச்சுக்கலாம். மூணு மீட்டர்ல கிட்டத்தட்ட இருநூறு கிராம். குழாய் வழியா அதே அளவு காத்தை உள்ள அனுப்பிட்டா ரெண்டு பக்கமும் சமமாகிடும், வலியும் இருக்காது.

அந்தக் குழாய்க்கு ஒரு குணம் இருக்கு. கிணத்து மோட்டார் பைப்போட அடியில ஒரு ஃபுட் வால்வு இருக்கும் பாருங்க. தண்ணியை ஒரு பக்கம் விடும், திரும்பி வர விடாது. நம்ம குழாயும் கொஞ்சம் அப்படித்தான். காதிலிருந்து தொண்டைக்குக் காத்து சுலபமா வெளிய வந்துடும். தொண்டையிலிருந்து காதுக்குப் போறதுதான் கஷ்டம், நாமதான் திறக்கணும். அதனாலதான் மேல வரும்போதைவிடக் கீழ இறங்கும்போதே நிறைய பேருக்குக் காது படுத்துது.

இதுல ஒரு பொறியும் இருக்கு. வலி வந்ததும் சரி பண்ணிக்கலாம்னு காத்திருந்தா லேட் ஆயிடும். ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளயே வலி தொடங்கிடும். சரி பண்ணாம ஒண்ணேகால் மீட்டர் தாண்டினா குழாயோட மென்மையான வாய் இறுகி மூடிக்கலாம். அப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. ஒன்றரை மீட்டர்லயிருந்து அஞ்சு மீட்டருக்குள்ள எங்க வேணும்னாலும் செவிப்பறை கிழியலாம். ஆளுக்கு ஆள் மாறும். என் மருமகனுக்கு ஜலதோஷத்துல குழாய் ஏற்கனவே வீங்கி அடைச்சிருந்தது. அவன் மூக்கைப் பிடிக்கவும் இல்ல. தலைகீழா போனதால இன்னும் கஷ்டம்.

சரி, வலி ஏன் குறைஞ்சுது? ஓட்டை விழுந்ததும் ரெண்டு பக்கமும் அழுத்தம் சமமாயிடுச்சு. அதனால வலி குறைஞ்சதை நல்ல அறிகுறின்னு எடுத்துக்கக் கூடாது. தலைசுத்தல் ஏன்? நடுச்செவிக்குப் பக்கத்துலதான் நம்ம சமநிலையைப் பார்த்துக்கற உறுப்பு இருக்கு. கிணத்துத் தண்ணி உடம்பு சூட்டைவிடக் குளிர்ச்சி. அது ஒரு பக்கக் காதுக்குள்ள மட்டும் போய் அந்த உறுப்பைக் குளிர வெச்சதும், தலை சுழலுதுன்னு மூளைக்குத் தப்பான செய்தி போகுது. உள்ள போன தண்ணி சூடானதும் தானா நின்னுடும். ஆனா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருட்டுல இருக்கறவனுக்கு அந்தக் கொஞ்ச நேரமே ரொம்ப நீளம். அப்படி ஆச்சுன்னா எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கணும். இல்லன்னா, விடற குமிழி எந்தப் பக்கம் போகுதோ அதுதான் மேல்.

இப்ப என்ன செய்யணும்? தலை தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடியே மூக்கைப் பிடிச்சு, வாயை மூடி, மெல்ல ஊதணும். காதுக்குள்ள 'டிக்'னு கேட்கும். இறங்க ஆரம்பிச்சதும் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு தடவை, வலி வர்றதுக்கு முன்னாடி. எச்சில் விழுங்கறதும் உதவும். காது திறக்கலைன்னா நின்னுடணும். ஒரு மீட்டர் மேல வந்து மறுபடி முயற்சி பண்ணணும். அப்பவும் இல்லன்னா அன்னைக்கு அவ்வளவுதான், ஏறிடணும். பலமா ஊதவே கூடாது. அதனால உள்காதுலயே காயமாகி, கேட்கற சக்தி போகலாம். காதுல பஞ்சோ பிளக்கோ வைக்கக் கூடாது, அதுக்குப் பின்னாடி இன்னொரு காத்து அறை உருவாகிடும். சளி இருந்தா முங்கவே வேண்டாம். நீச்சல் கண்ணாடியும் ஆழத்துக்கு ஆகாது. மூக்கு வெளிய இருக்கறதால அதுக்குள்ள காத்து அனுப்ப முடியாது, கண்ணையே உறிஞ்சும். முக்குளிக்கற மாஸ்க் மூக்கையும் மூடறது இதுக்காகத்தான்.

இதெல்லாம் நம்ம கடல்ல புது விஷயம் இல்ல. மன்னார் வளைகுடாவுல முத்துக்குளிச்சவங்க ஆழத்தைப் 'பாகம்'ங்கற அளவுல சொல்வாங்க. ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம், சுமார் ஆறு அடி. காலைக் கயித்துல கட்டின ஒரு கல் மேல வெச்சு, அந்தக் கனத்துல அஞ்சு பாகம், அதுக்கு மேலயும் சர்ருனு இறங்குவாங்க. அஞ்சு பாகம்னா ஒன்பது மீட்டர். நுரையீரல் காத்து ஏறக்குறைய பாதியாகற இடம். தூத்துக்குடி பக்கம் கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. கல்லோட வேகத்துல இறங்கறவங்களுக்குக் காதைச் சமன்செய்ய கிடைச்சது சில நொடிதான். அந்தத் தொழில்ல காது எவ்வளவு முக்கியம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இப்ப மேல வர்ற கதை. அவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஏறினாங்க, நுரையீரல் வெடிக்கல. ஏன்னா அந்தக் காத்து மேல எடுத்தது. கீழ பாதியாச்சு, ஏறும்போது பழைய அளவுக்கு வந்துச்சு, அதைத் தாண்டாது. ஆனா ஸ்கூபா சிலிண்டரோ, சங்கு குளிக்கறவங்க பயன்படுத்தற கம்ப்ரசர் குழாயோ வேற கணக்கு. அங்க நீங்க கீழயே, அந்த ஆழத்து அழுத்தத்துல இருக்கற காத்தை சுவாசிக்கறீங்க. பத்து மீட்டர்ல நுரையீரல் நிறைய இழுத்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஏறினா அது ரெண்டு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்ல. கிழிஞ்சு, காத்து ரத்தத்துல கலந்து மூளைக்கே போகலாம். ஒன்றரை மீட்டர் ஏறினாலே நடக்கலாம், வலி எச்சரிக்கையும் கிடைக்காது.

புதுச்சேரி கடல்ல நான் கத்துக்கிட்டப்ப, பயிற்சியாளர் ஒரு காலி தண்ணி பாட்டிலை மூடிக் கீழ கொண்டு வந்தார். அது நசுங்கிப் போச்சு. அடியிலயே அதை மறுபடி காத்தால நிரப்பி மூடினார். மேல வர வர அது உப்பி, கல்லு மாதிரி இறுகிடுச்சு. "உங்க நுரையீரலுக்கு இவ்வளவு தடிப்பு கிடையாது"ன்னார். விதி ஒண்ணே ஒண்ணு: கீழ சுவாசிச்சா, மேல வரும்போது மூச்சை விட்டுக்கிட்டே வரணும்.

மருமகன் இப்ப நல்லா இருக்கான். காதுல தண்ணி படாம பார்த்துக்கிட்டான், ரெண்டு மாசத்துல ஓட்டை தானா மூடிடுச்சு. இந்த மாதிரி ஓட்டைகள் பெரும்பாலும் அப்படி மூடிடும். ஆனா டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கிணத்துப் பக்கம் போகக் கூடாது.

அவன் ஒரு கேள்வி கேட்டான். 2019ல வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்திவரதரை வெளிய எடுத்து வெச்சப்ப, 48 நாளும் ஊர் நிரம்பி வழிஞ்சதைப் பார்த்தவன் அவன். "மாமா, நாப்பது வருஷம் தண்ணிக்குள்ள இருந்தவருக்கு அழுத்தம் ஒண்ணும் பண்ணலையே?"ன்னான்.

டேய், ஊறின மரத்தோட நுண்துளைகள்ல காத்துக்குப் பதிலா தண்ணிதான் இருக்கும்டா. உள்ளயும் வெளியவும் ஒரே அழுத்தம். நசுங்க அங்க ஒண்ணும் இல்ல. உன் காதுலதான் காத்து இருந்தது. அதுக்கு வழி விடாம இறங்கினது நீ.

அடுத்த வாரம் பார்ப்போம்.