கதவில் துளை போடாமல், அண்டை வீட்டாரின் மனதிலும் துளை போடாமல்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாசலில் கேமரா வைத்த அழைப்பு மணி மாட்டலாமா என்று நம் குழுவில் நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். நான் மாட்டியிருக்கிறேன் என்பதால், செயலாளர் என்னையே பேசச் சொன்னார். முதல் தடவை யாரையும் கேட்காமல் மாட்டிக் கெட்ட பெயர் வாங்கினேன். இரண்டாம் தடவை கேட்டு மாட்டினேன். இரண்டையும் சொல்கிறேன்.

என் மனைவிக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை ஆனபின் வாக்கர் வைத்துத்தான் நடக்கிறாள். மணி அடித்தால் கதவுக்கு வந்து சேர 2 நிமிடம் ஆகும். அதற்குள் கூரியர்காரர் போய்விடுவார். ஒரு நாள் நான் வெளியே போயிருந்தபோது, கேஸ் அடுப்பு பார்க்க வந்திருப்பதாக யாரோ சொல்ல, இவளும் கதவைத் திறந்துவிட்டாள். நாங்கள் யாரையும் வரச் சொல்லவில்லை. நல்லவேளையாக எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்ததும் அந்த ஆள் இறங்கிப் போய்விட்டான். மறுநாளே ஒரு வீடியோ மணி வாங்கி, அதனுடன் வந்த ஒட்டும் பட்டையால் கதவிலேயே ஒட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் எதிர் வீட்டுப் பெண் என்னை லிஃப்ட் அருகே நிறுத்தினாள். அவளுக்கு இரவுப் பணி. "அங்கிள், நான் எத்தனை மணிக்கு வர்றேன், யார் கூட வர்றேன்னு எல்லாம் உங்க போன்ல பதிவாகுதா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். போனைத் திறந்து பார்த்தால், மூன்று நாட்களாக அவள் கதவு திறந்த ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுப் படம் இருந்தது. நம் நடைபாதை 5 அடி அகலம்தான். என் கதவில் எதை வைத்தாலும் அது அவர்கள் கதவைத்தான் பார்க்கும். அன்று மாலையே எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கருவியைக் கழற்றினேன்.

கழற்றும்போது இரண்டாவது அடி. தேக்குக் கதவு, மேலே பாலிஷ். பட்டையை இழுத்ததில் உள்ளங்கை அளவுக்குப் பாலிஷ் பெயர்ந்து வந்தது. நான் வாடகைக்கு இருப்பவன்; கதவு வீட்டு உரிமையாளருடையது. ஒட்டினால் சேதம் இல்லை என்று நாம் நினைப்பது பாதிதான் உண்மை. டைல்ஸ், கண்ணாடி, இரும்பு ஆகியவற்றிலிருந்து பட்டை சுத்தமாக வரும். பாலிஷ் போட்ட மரத்திலும் டிஸ்டெம்பர் அடித்த சுவரிலும் மேல்பூச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். முடி உலர்த்தும் டிரையரால் ஓரிரு நிமிடம் மிதமாகச் சூடு காட்டி, பட்டைக்குப் பின்னால் நைலான் நூலை விட்டு ரம்பம் போல் இழுத்து அறுத்தெடுங்கள். மிச்சமுள்ள பசையை விரலால் உருட்டினால் வந்துவிடும்.

கார்பெண்டரை வைத்துப் பாலிஷைச் சரிசெய்துவிட்டு மறுபடி யோசித்தேன். கதவில் ஏற்கெனவே ஒரு துளை இருக்கிறதே! ஆள் யார் என்று பார்க்கும் அந்தக் கண்ணாடித் துளை. அதைக் கழற்றிவிட்டு அதே துளையில் பொருத்தும் கேமராக்கள் கிடைக்கின்றன. வெளியே சின்ன லென்ஸும் மணிப் பொத்தானும், உள்ளே ஒரு திரை, நடுவில் துளை வழியே போகும் குழாய். வாங்குமுன் இரண்டு அளவு எடுக்க வேண்டும்: துளையின் விட்டம், கதவின் கனம். என் கதவில் துளை 14 மி.மீ., கனம் 35 மி.மீ. இந்த இரண்டும் பெட்டியில் போட்டிருக்கும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். துளை சிறியதாக இருந்தால் பெரிதாக்க வேண்டிவரும். அது சேதம், எனவே அந்தக் கருவி வேண்டாம். பழைய கண்ணாடியை உள்பக்கம் இருந்து, அதன் காடியில் ஒரு நாணயத்தை வைத்துத் திருகினால் கழன்றுவிடும். அதை ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். வீடு காலி செய்யும் நாளில் திரும்ப மாட்டிவிடுவேன்.

கதவுக்கு வெளியே இரும்பு கிரில் கேட் உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கேமரா இருட்டில் பார்ப்பது தன் அகச்சிவப்பு ஒளியால். அந்த ஒளி பக்கத்திலுள்ள கிரில் கம்பியில் பட்டுத் திரும்பினால், இரவில் படம் வெள்ளையாகிவிடும், முகம் தெரியாது. வாங்கும் முன்பே, இரவில் மாட்டிப் பார்த்துத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எதிர் வீட்டு விஷயம். இந்தக் கருவிகளின் செயலியில் இரண்டு வசதிகள் இருக்கும். பலர் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஒன்று, அசைவைக் கவனிக்கும் பகுதியைக் குறுக்குவது. அப்படிக் குறுக்கினால் எதிர் வீட்டுக் கதவு அசையும்போது அறிவிப்பு வராது; ஆனால் வேறு காரணத்தால் பதிவு ஓடும்போது அந்தக் கதவும் படத்தில் விழும். மற்றொன்று, படத்தின் ஒரு பகுதியையே கருப்புக் கட்டமாக மறைப்பது. அந்த இடம் பதிவாகவே செய்யாது. எதிரெதிர் வாசல் உள்ள நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது. எல்லாக் கருவியிலும் இது இல்லை, கேட்டு வாங்குங்கள். நான் அசைவுப் பதிவையும் அணைத்துவிட்டேன். யாராவது மணியை அழுத்தினால் மட்டும் 20 விநாடி பதியும். ஒலிப் பதிவு கிடையாது. நடைபாதையில் பிறர் பேசுவது நமக்கு எதற்கு? கூடுதல் லாபம், பேட்டரி ஒரு மாதத்துக்கு மேல் தாங்குகிறது.

இந்த முறை வாங்குவதற்கு முன்பே மூன்று பேரிடம் அனுமதி கேட்டேன். கதவு உரிமையாளருடையது, நடைபாதை நம் எல்லோருக்கும் பொதுவானது, படத்தில் விழும் வாசல் எதிர் வீட்டாருடையது. வங்கியில் நான் கடன் விண்ணப்பம் எத்தனையோ பார்த்தவன். எவ்வளவு, எதற்கு, எப்படித் திருப்புவார் என்று தெளிவாக இருந்தால் மேலாளர் கையெழுத்துப் போடத் தயங்கமாட்டார். அதே போல் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். என்ன கருவி, எந்தத் துளையில். புதிதாக ஆணியோ திருகோ இல்லை. எப்போது பதியும், ஒலி உண்டா. பதிவு உள்ளே இருக்கும் மெமரி கார்டில் 7 நாள் மட்டும். பார்ப்பவர்கள் நானும் மனைவியும். காலி செய்யும்போது பழையபடி ஆக்கித் தருவேன். யாராவது ஆட்சேபித்தால் அணைத்துவிட்டுப் பேசுவேன். இவ்வளவுதான்.

உரிமையாளர் துளையின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பிலேயே சம்மதம் எழுதி அனுப்பினார். நம் கமிட்டி, பொது மின் இணைப்பில் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு கையெழுத்திட்டது. எதிர் வீட்டுப் பெண்ணிடம் கடிதத்தை மட்டும் தரவில்லை. மாட்டிய அன்று அவளையும் அவள் அம்மாவையும் கூப்பிட்டு, அவர்கள் வாசலில் நிற்கச் சொல்லி, என் திரையில் என்ன தெரிகிறது என்று காட்டினேன். கருப்புக் கட்டத்தின் ஓரத்தில் அவர்கள் செருப்பு ஸ்டாண்டு தெரிந்தது. "அதையும் மறைச்சிடுங்க அங்கிள்" என்றாள். கட்டத்தை இழுத்துப் பெரிதாக்கினேன். அதன் பிறகுதான் கடிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டாள்.

போன வாரம் மனைவி கட்டிலில் இருந்தபடியே, "தம்பி, பக்கத்துல ஸ்டூல்ல வெச்சுட்டுப் போப்பா" என்று கூரியர்காரரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடிதத்தின் நகல் அலுவலக அறையில் இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.