வேட்டையாடும் உயிரை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்?
(உயர்தர உயிரியல் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



"ஓரிடத்தில் வேட்டையாடும் விலங்கை அகற்றினால் என்ன விளைவு?" என்ற வினாவுக்கு நம் பிள்ளைகள் பலர் "இரை பெருகும்" என்று ஒரு வரி எழுதிப்போட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதியை மன்னார் கடலை வைத்துப் பார்ப்போம்.

மன்னாருக்குத் தெற்கே சிலாவத்துறை, மரிச்சிக்கட்டி கரைக்கு நேரே கடலுக்கடியில் முத்துச்சிப்பி விளையும் மேட்டு நிலங்கள் உண்டு. அவற்றைப் 'பார்' என்பார்கள். 1902இல் ஹேர்ட்மன் என்ற விஞ்ஞானி அரசாங்கத்தின் அழைப்பில் வந்து இவற்றை ஆராய்ந்தார். திருக்கை, கிளாத்தி மீன், நட்சத்திர மீன் எல்லாம் சிப்பியைத் தின்பதைப் பதிவு செய்தார். அப்படியானால் இவற்றைப் பிடித்து ஒழித்தால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ரொபர்ட் பெய்ன் என்பவர் 1963இல் அதைத்தான் செய்து பார்த்தார். பாறையில் சுமார் 8 மீற்றர் நீளமான ஒரு துண்டைத் தெரிந்து, அங்கிருந்த நட்சத்திர மீன்களைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிக் கடலில் வீசினார். பக்கத்துத் துண்டைத் தொடாமல் விட்டார். நட்சத்திர மீன் தின்னும் மட்டி கட்டுப்பாடில்லாமல் பரவிப் பாறையைப் பிடித்துக்கொண்டது. மற்ற உயிர்களுக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை. 15 ஆக இருந்த இனங்கள் 8 ஆகக் குறைந்தன. தொடாத துண்டில் அப்படி நடக்கவில்லை.

1969இல் இப்படிப்பட்ட உயிருக்கு அவர் 'கீஸ்டோன் இனம்' என்று பெயர் வைத்தார். கல் வளைவின் உச்சியில் இருக்கும் ஒரு கல்லை உருவினால் வளைவே விழுந்துவிடும் அல்லவா, அந்தக் கல்லின் பெயர் அது. எண்ணிக்கையில் கொஞ்சம், விளைவில் மிக அதிகம் என்பதே இலக்கணம். மலையெங்கும் இருக்கும் தேயிலையை எடுத்தாலும் எல்லாம் மாறும். ஆனால் அது ஏராளமாக இருப்பதால் கீஸ்டோன் ஆகாது.

அடுத்தது 'போசணை மட்ட அடுக்கு விளைவு'. மேலே ஒன்று குறைந்தால் அதற்குக் கீழே உள்ளது பெருகும், அதற்கும் கீழே உள்ள தாவரம் குறையும். இது நம் தோட்டங்களிலேயே நடந்தது. தேயிலை இலையை ஒட்டிச் சுருட்டித் தின்னும் புழுவுக்கு எதிராக 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்தார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு புழுவைத் தின்றுவிடும். புழு அடங்கியது. 1950களின் பிற்பகுதியில், கொப்பைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் மருந்து அடித்தார்கள். குளவியும் செத்தது, புழு மறுபடி கிளம்பியது, கொழுந்து நாசமானது. குளவி, புழு, இலை என்று மூன்று மட்டம் வந்துவிட்டது பாருங்கள். குளவி இங்கே ஒட்டுண்ணிதான் என்றாலும், மேல் மட்டத்தில் இருந்து செய்யும் வேலை அதேதான்.

இனி மன்னாருக்குத் திரும்புவோம். திருக்கையை அகற்றினால் சிப்பி கூடும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துத் திருக்கை கீஸ்டோன் இனம் என்று எழுதக்கூடாது. சிப்பி கூடியபின் மற்ற இனங்களின் எண்ணிக்கை குறைந்ததா என்று, தொடாத ஒரு பாருடன் ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

ஒப்பீடு ஏன் வேண்டும் என்பதற்கு மன்னாரின் 'பெரிய பார்' நல்ல சாட்சி. 1880 முதல் 1902 வரை 11 தடவை அங்கே குஞ்சுச் சிப்பிகள் நிறைந்தன. ஒரு தடவைகூட முத்துக்குளிப்புக்கு மிஞ்சவில்லை. அந்தப் பார் ஆழ்கடலின் விளிம்பில் இருப்பதால் தென்மேல் பருவக்காற்றுக் கடல் அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்று ஹேர்ட்மன் முடிவு செய்தார். அங்கே திருக்கை முழுவதையும் பிடித்தாலும் சிப்பி நிற்காது. சிப்பி மறைந்தால் உடனே தின்னும் மீனின் மேல் பழி போட முடியாது.

ஆகவே பிள்ளைகளே, விடையை இந்த ஒழுங்கில் எழுதுங்கள். எந்த உயிர் அகற்றப்பட்டது, அதன் இரை எது என்று முதலில் சொல்லுங்கள். இரை பெருகி இடத்தைப் பிடித்து மற்ற இனங்களைத் துரத்தியதா, அல்லது தாவரத்தைத் தின்று தீர்த்ததா என்று பிரித்துக் காட்டுங்கள். முதலாவது பெய்ன் கண்டது, இரண்டாவது நம் தேயிலையில் கண்டது. இனங்களின் எண்ணிக்கையை முன்னும் பின்னும் இலக்கத்தில் கொடுங்கள். கடைசியாக, தொடாத இடத்துடன் ஒப்பிட்டதை ஒரு வரியில் எழுதுங்கள். பலர் விட்டுவிடும் வரி அதுதான்.