ஒரு பெட்டி, இரண்டு எண்ணிக்கை

கன்வேயரில் அட்டைப்பெட்டிகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு லிமிட் சுவிட்சின் உருளையைத் தள்ளிவிட்டுப் போகிறது. போனது 100 பெட்டி, பி.எல்.சி. காட்டுவதோ 117. இதைப் பார்த்ததும் பலர் சுவிட்சை மாற்றுவார்கள். புதுச் சுவிட்சும் சில நாளில் அதே கணக்கைச் சொல்லும்.

சுவிட்சுக்குள் இருப்பவை சுருள்வில் தாங்கிய இரண்டு உலோக முனைகள். அவை மோதும்போது, தரையில் விழுந்த பந்து போல, சில முறை துள்ளித்தான் அடங்கும். பெரும்பாலும் சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். நம் கண்ணுக்கு ஒரே தொடுகை; பி.எல்.சி.க்கு மூன்று நான்கு தொடுகைகள். பெட்டி போன பிறகு உருளைக் கை திரும்பி வந்து ஆடுமே, அந்த ஆட்டம் இன்னும் நீளமானது. சுவிட்ச் மூடும்போது மட்டும்தான் துள்ளும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இதற்கு மருந்து காத்திருப்பது. சமிக்ஞை வந்தவுடன் நம்பாமல், அது விடாமல் 20 மில்லிசெகண்ட் நிலைத்தால்தான் ‘பெட்டி வந்தது’ என்று ஏற்க வேண்டும். அதேபோல் 50 மில்லிசெகண்ட் விடாமல் அணைந்திருந்தால்தான் ‘பெட்டி போய்விட்டது’. புரோகிராமில் இரண்டு டைமர் போதும். ஆனால் இந்த எண்களை எங்கிருந்து எடுத்தோம்? பெட்டியின் நீளம் 20 சென்டிமீட்டர், இடைவெளி 10 சென்டிமீட்டர், பெல்ட் நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் 400 மில்லிசெகண்ட் அழுந்தியிருக்கும், 200 மில்லிசெகண்ட் விடுபட்டிருக்கும். நம் காத்திருப்பு துள்ளலைவிட நீளமாகவும் இந்த இரண்டில் சிறியதைவிட நன்றாகக் குறைவாகவும் இருக்கிறது. பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினால் கணக்கை மறுபடி போட வேண்டும்.

பல பி.எல்.சி.களில் உள்ளீட்டிலேயே ஒரு வடிகட்டி உண்டு. சீமென்ஸ் எஸ்7-1200-இல் அது தொடக்கத்திலேயே 6.4 மில்லிசெகண்டில் அமைந்திருக்கும். சாதாரண சுவிட்சுக்கு அது நல்ல அளவு. அதே இயந்திரத்தில் பல்சக்கரம் ஒன்றின் பற்களை எண்ண ஒரு பிராக்சிமிட்டி சென்சாரும் இருந்தால்? 60 பற்கள், நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு 300 துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் ஏறக்குறைய 1.7 மில்லிசெகண்ட்தான் நிற்கும். வடிகட்டி அத்தனையையும் விழுங்கிவிடும். எண்ணி பூஜ்யத்திலேயே நிற்கும். உடனே ஒருவர் வந்து எல்லா உள்ளீட்டுக்கும் வடிகட்டியை 0.2 மில்லிசெகண்டுக்குக் குறைத்துவிட்டுப் போவார். பற்கள் சரியாக எண்ணப்படும். மறுநாள் 100 பெட்டி 117 ஆகும். பிராக்சிமிட்டி சென்சாரில் மோதுகிற உலோக முனை கிடையாது, டிரான்சிஸ்டர்தான். அதற்குத் துள்ளல் இல்லை. ஆகவே அந்த ஓர் உள்ளீட்டை மட்டும் வேகப்படுத்துங்கள், லிமிட் சுவிட்சின் உள்ளீட்டைத் தொடாதீர்கள். இந்தத் தேர்வில்தான் பேனல் செய்தவரின் கைத்திறன் தெரியும் என்பது என் கருத்து.

துள்ளல் தவிர இன்னொரு திருடனும் உண்டு, இரைச்சல். பெல்ட் நிற்கிறது, ஒரு பெட்டியும் இல்லை, ஆனால் பக்கத்து மோட்டாரின் கான்டாக்டர் விடுபடும்போதெல்லாம் எண்ணிக்கை ஒன்று ஏறுகிறது. இது சுவிட்சின் குற்றமில்லை. சோதிப்பது எளிது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, சுவிட்சின் முனையில் கம்பியைக் கழற்றி மூடிவையுங்கள். மறுபடி மின்சாரம் கொடுத்து மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓட்டி நிறுத்துங்கள். இன்னும் எண்ணிக்கை ஏறுகிறதா? பிறகு பேனல் பக்கத்திலும் அதேபோல் கழற்றிப் பாருங்கள். இப்போது நின்றால் இரைச்சல் கேபிள் வழியாக வருகிறது.

இங்கே டைமரை நீட்டுவது நோயை மூடி மறைப்பதுதான். 24 வோல்ட் டி.சி. சுருளைத் துண்டிக்கும் கணத்தில், தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் பல நூறு வோல்ட் எழும்பும். சுருளின் குறுக்கே ஒரு டயோடு போட்டால் அது அடங்கும். கான்டாக்டர் விடுபடுவது கொஞ்சம் தாமதமாகும், அதைக் கணக்கில் வையுங்கள். ஏ.சி. சுருளுக்கு டயோடு ஆகாது, ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த தடுப்பான் வேண்டும். சென்சார் கம்பியை மோட்டார் கேபிளோடு ஒரே டிரங்கிங்கில் போடுவதும் கூடாது. வேறு வழியில் கொண்டுபோங்கள். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். இவை முடிந்த பிறகு 20 மில்லிசெகண்டே தாராளம்.

ஒரே ஓர் இடத்தில் இந்தக் காத்திருப்பைக் கொண்டுவரவே கூடாது: அவசர நிறுத்தப் பொத்தான். அதன் கம்பி சாதாரண பி.எல்.சி. டைமரை நம்பி நிற்காமல், நேராகப் பாதுகாப்பு ரிலேவுக்குப் போக வேண்டும். அங்கே ஓட்டம் தவறாக நின்றால் நட்டம் கொஞ்சம் உற்பத்தி. நிற்காமல் போனால் நட்டம் ஒருவருடைய கை.