நட்சத்திரமா, சூரியனா?

1471ஆம் ஆண்டு ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு. லண்டனுக்கு வடக்கே பார்னெட் என்ற ஊருக்கு வெளியே, விடியற்காலை மூடுபனிக்குள் இரண்டு ஆங்கிலப் படைகள் மோதின. ஒருபுறம் யார்க் குலத்து மன்னர் நான்காம் எட்வர்டு. மறுபுறம் லங்காஸ்டர் குலத்தின் தரப்பில் அவரை எதிர்த்த வாரிக் பிரபு. வாரிக்கின் அணியில் இருந்த ஆக்ஸ்ஃபோர்டு பிரபு, தன் எதிரே நின்ற பகுதியை உடைத்துத் துரத்திக்கொண்டு ஊருக்குள்ளேயே போய்விட்டார். கலைந்த ஆட்களைத் திரட்டிக்கொண்டு அவர் களத்துக்குத் திரும்பியபோது போர்முனையின் திசை மாறியிருந்தது. அவர் வந்து சேர்ந்தது எதிரியின் முதுகுப்புறத்துக்கு அல்ல, தன் அணியின் இன்னொரு தளபதியான மாண்டகியூவின் ஆட்களிடம். பனிக்குள் அவர்களுக்குத் தெரிந்தது ஆக்ஸ்ஃபோர்டின் நட்சத்திரச் சின்னம். எட்வர்டின் சின்னமோ கதிர் வீசும் சூரியன். ஒன்றை மற்றொன்றாக எண்ணி அம்பு எய்தார்கள். "துரோகம்" என்ற கூச்சல் எழுந்தது, ஆக்ஸ்ஃபோர்டின் படை ஓடியது, வாரிக் தோற்று உயிரிழந்தார். அக்கால வரலாற்றுக் குறிப்பான வார்க்வொர்த் குறிப்பேடு இதைப் பதிவு செய்திருக்கிறது.

இந்தப் போரை மேசைமேல் நடத்திப் பார்ப்பவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். பொம்மைப் படைகளை வைத்து விதிகளின்படி ஆடும் இந்த விளையாட்டுக்கு வார்கேம் என்று பெயர். இதில் பயன்படும் வீரர்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரமுள்ளவர்கள், அதாவது மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. வாங்கும்போது இவர்கள் சாயமில்லாத பிளாஸ்டிக் அல்லது உலோகம். நாட்டிங்ஹாமில் இயங்கும் பெர்ரி சகோதரர்களின் நிறுவனம், இவ்விரு குலங்களும் மோதிய ரோஜாப் போர்க் காலத்து வீரர்களைப் பெட்டிகளில் விற்கிறது. ஒரே பெட்டியிலிருந்து யார்க் படையையும் செய்யலாம், லங்காஸ்டர் படையையும் செய்யலாம். இரு தரப்பும் ஆங்கிலேயர்களே. கவசமும் ஆயுதமும் இருவருக்கும் ஒன்றுதான். ஆகவே உருவத்தை வார்த்தவர் சொல்லாததைத் தூரிகைதான் சொல்ல வேண்டும்.

முதலில் ஆயுதம். அது வீரனின் வேலையைச் சொல்கிறது, தரப்பைச் சொல்வதில்லை. ஆள் உயரத்துக்கும் மேலான வில்லைப் பிடித்திருப்பவன் வில்லாளி. இடுப்பில் அம்புப் பை, கைக்கடக்கமான ஒரு சிறு கேடயம், ஒரு வாள், இவையும் அவனிடம் இருக்கும். நீண்ட கழியின் முனையில் வெட்டும் அலகும் வளைந்த கொக்கியும் கூர்முனையும் சேர்ந்த ஆயுதத்தை ஏந்தியவன் பில் வீரன். கோடாரி அலகும் சுத்தியல் தலையும் கொண்ட குட்டைக் கழியை இரு கையாலும் பிடித்திருப்பவன் முழுக்கவசப் போராளி. இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் படைப்பிரிவு எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கவசம் சொல்வது அந்தஸ்து. எளிய வில்லாளி அணிவது ஜாக் எனப்படும் தையல் சட்டை. பல அடுக்குத் துணியைச் சேர்த்து நெருக்கமாகத் தைத்தது. இதற்கு வெறும் வெள்ளை பூசினால் பொம்மை சுண்ணாம்புச் சுவர்போல நிற்கும். மங்கிய மணல் நிறம் பூசி, தையல் பள்ளங்களில் நீர்த்த பழுப்பைப் பாயவிட்டால்தான் அது துணியாகத் தெரியும். முழுக்கவசம் அணிந்தவன் தலை முதல் பாதம் வரை எஃகு. அதிலும் இரண்டு பாணிகள் உண்டு. மிலான் நகரப் பாணியில் தகடுகள் உருண்டு வழவழப்பாக இருக்கும். ஜெர்மன் பாணியில் தகடுகளின் மேல் விசிறி மடிப்புப் போன்ற வரிகள் ஓடும், முனைகள் கூராக நீளும். இங்கிலாந்தில் இரண்டும் கலந்தே அணியப்பட்டன. அதனால் கவசப் பாணியை வைத்து யார்க்கா, லங்காஸ்டரா என்று தீர்மானிக்க முடியாது. புதிதாகப் பார்ப்பவர் தவறும் இடம் இதுவே.

தரப்பைச் சொல்வது மேலங்கி. பிரபுவின் நிறங்களில் தைத்து, மார்பிலும் முதுகிலும் அவருடைய சின்னம் பொறித்த சட்டை அது. வாரிக்கின் ஆட்களுக்குச் சிவப்புச் சட்டையில் வெள்ளைக் கணுக்கழி. யார்க் குலத்துக்கு நீலமும், முசுக்கட்டைப் பழத்தின் கருஞ்சிவப்பும். இந்த இரண்டு நிறங்களும் ஆழமானவை. உண்மைத் துணியின் நிறத்தையே அப்படியே பொம்மைக்குப் பூசினால் ஒரு மீட்டர் தூரத்தில் இரண்டும் கறுப்பாகக் கலந்துவிடும். தேர்ந்த வண்ணக்காரர்கள் இரண்டையும் ஒரு படி வெளுத்து, விளிம்புகளில் இன்னும் வெளிறிய கோடு இடுகிறார்கள்.

இப்போது அந்த நட்சத்திரமும் சூரியனும். சட்டை மார்பில் சின்னத்துக்குக் கிடைக்கும் இடம் சில மில்லிமீட்டர்தான். ஆக்ஸ்ஃபோர்டின் நட்சத்திரம் வெள்ளை, ஐந்து முனைகள் கொண்டது. எட்வர்டின் சூரியன் பொன்னிறம். சூரியனுக்கு முதலில் நிறைவான ஒரு வட்டத்தை இட்டு, அது காய்ந்த பிறகு சுற்றிலும் குட்டையான கதிர்களை இழுக்க வேண்டும். நட்சத்திரத்துக்கு வட்டமே கூடாது, நடுவிலிருந்து ஐந்து கோடுகள் வெளியே மெலிந்து போக வேண்டும். பலர் செய்யும் பிழை, சூரியனைப் பளிச்சென்று காட்ட அதன் நடுவில் வெள்ளையைத் தொட்டுவிடுவது. கையெட்டும் தூரத்தில் பார்த்தால் அது உடனே நட்சத்திரம் ஆகிவிடும். வெளிச்சம் காட்ட வெளிர்மஞ்சளே போதும்.

கொடிகளில் இரு வகையைப் பிரித்தறிய வேண்டும். சதுரமான பேனர், பிரபுவின் குலச்சின்னத்தை முழுதாகத் தாங்கியது. அது நிற்கும் இடத்தில் பிரபுவே நிற்கிறார் என்று பொருள். ஆக்ஸ்ஃபோர்டின் பேனர் சிவப்பும் பொன்னும் நான்கு கட்டங்களாக அமைந்தது, மேல் மூலைச் சிவப்பில் வெள்ளை நட்சத்திரம். ஸ்டாண்டர்டு என்பதோ நீண்டு, வால்பக்கம் குறுகும் கொடி. கம்பத்தை ஒட்டி செயின்ட் ஜார்ஜின் செஞ்சிலுவை, மீதியில் பிரபுவின் நிறங்களும் சின்னங்களும் இருக்கும். படைவீரர்கள் திரளும் புள்ளி அது. மேசையில் இவை பெரும்பாலும் அச்சிட்ட காகிதம். பசை ஈரமாக இருக்கும்போதே கம்பத்தில் சுற்றி அலையாக மடிக்க வேண்டும். வெட்டிய ஓரத்தில் வெள்ளைக் காகிதம் தெரிந்தால் கொடியின் நிறத்தையே அங்கே ஒரு கோடாக இழுத்து மறைக்க வேண்டும்.

பொம்மை நிற்கும் பேஸ் எனப்படும் அடித்தட்டும் பேசுகிறது. வெண்பனி தூவியிருந்தால் அது 1461 மார்ச்சில் பனிப்புயலில் நடந்த டௌட்டன் போர். பார்னெட்டுக்கு ஈர மண்ணும், ஆங்காங்கே இளம்பச்சைப் புல்லும் பொருந்தும், கோடைக்கால வைக்கோல் நிறம் பொருந்தாது. வில்லாளியின் முன்னே மண்ணில் குத்திய அம்புகள் இருந்தால் அவர்கள் நின்று எய்யும் அணி. பெரிய தட்டில் கொடிக்காரரும் எக்காளம் ஊதுபவரும் சேர்ந்து நின்றால் அங்கே இருப்பவர் தளபதி. சிலர் பின்விளிம்பில் படைப்பிரிவின் பெயரைச் சிறிதாக எழுதிவைப்பதும் உண்டு. எதிராளிக்குத் தெரியாமல், ஆடுபவர் கண்ணுக்கு மட்டும் படும் இடம் அது.

இத்தனை விதிகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. எந்தப் பிரபுவின் ஆட்கள் எந்த நிறம் அணிந்தார்கள் என்பதற்கான சான்றுகள் பல இடங்களில் மெலிந்தவை. அவற்றில் பல பின்னால் எழுதப்பட்ட ஏடுகளிலிருந்து கிடைப்பவை. அவசரமாகத் திரட்டிய ஆட்கள் எல்லோருக்கும் மேலங்கி கிடைத்திருக்காது. அதனால் நல்ல சேகரிப்பு ஒன்றில் முன்வரிசை பிரபுவின் நிறத்திலும், பின்வரிசையில் சிலர் பழுப்பு, சாம்பல் நிறத் துணியிலும் நிற்பார்கள். அணிவகுப்பில் எல்லோரும் ஒரே அச்சாக இருந்தால் அது பிற்கால ராணுவம்போலத் தோன்றும்.

இப்படி நிறத்தைத் தளர்த்தும்போது தரப்பு குழம்பிவிடவும் கூடாது. அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இரு படைகளையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று கைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே சாம்பல் திட்டாகத் தெரிந்தால் நிற வேறுபாடு மட்டும் போதவில்லை என்று அர்த்தம். அப்போது சட்டைகளில் ஒன்றை வெளுக்கலாம், அல்லது கொடிகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஒவ்வொரு பிரிவின் நடுவிலும் ஒன்றை நிறுத்தலாம்.