ஜனவரி சம்பளம் ஏன் குறைகிறது?

சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற வருமான வரி ஓர் உத்தேசக் கணக்குதான். ஏப்ரலிலேயே வருடம் முழுவதற்குமான வருமானத்தைக் கணித்து, அதற்குரிய வரியை மீதமுள்ள மாதங்களால் வகுக்கிறார்கள்.

பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு வரி 60,000 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 5,000 வீதம் டிசம்பர் வரை 45,000 பிடித்தாயிற்று. ஜனவரியில் வாடகை ரசீது கேட்கிறார்கள், அவர் கொடுக்கவில்லை. வாடகைக்கான கழிவு போய், வரி 84,000 ஆகிறது. பாக்கி 39,000 ரூபாய்க்கு இருப்பதோ மூன்றே மாதம். ஆகவே மாதம் 13,000!

பதற வேண்டாம். அலுவலகம் ஏற்றுக்கொண்டால், பிப்ரவரியில் ரசீது கொடுத்தாலும் கணக்கு மாறும். வரி மீண்டும் 60,000 ஆவதால், ஜனவரியில் பிடித்த 13,000 ரூபாயும் போக, பாக்கி 2,000தான், மாதம் 1,000. மார்ச்சும் போய்விட்டால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் கூடுதல் பணத்தைத் திரும்பப் பெற முடியும்.