அக்சுவரி உத்தியோகமும் விண்ணப்பத்தாளும்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



புள்ளிவிபரவியல் கற்ற ஒருவர் காப்புறுதிக் கம்பனியில் அக்சுவரி மாணவராகச் சேர விரும்பினால், தம் விண்ணப்பத்தாளில் எதை எழுத வேண்டும், எதை எழுதலாகாது என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். அக்சுவரி என்பவர் யார் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். எதிர்காலத்தில் நிகழக்கூடிய மரணம், விபத்து, தீ முதலிய நட்டங்களை நிகழ்தகவு கொண்டு கணித்து, இன்று எவ்வளவு கட்டுப்பணம் அறவிட வேண்டும், எவ்வளவு பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சொல்லுபவரே அக்சுவரி. அவர் கணக்குப் பிழைத்தால் விதவையொருத்திக்குச் சேர வேண்டிய பணம் பெட்டியில் இராது.

இப்பொருளைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே. நான் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும்போது இவ்வுத்தியோகத்துக்கு விண்ணப்பித்துத் தோற்றவன். அத்தோல்வியிலிருந்தே தொடங்குகின்றேன்.

என் விண்ணப்பத்தாளில் மூன்று வரிகளை மிகப் பெருமையோடு எழுதியிருந்தேன். முதலாவது: “மோட்டார்க் காப்புறுதிக் கோரிக்கைகளை நூற்றுக்கு 95 திருத்தமாக முன்கூறும் மாதிரியுரு அமைத்தேன்.” இரண்டாவது, எனக்குத் தெரிந்த மென்பொருள்களின் பட்டியல், அதில் ஒன்பது பெயர்கள் இருந்தன. மூன்றாவது: “பாதித் தகைமை பெற்ற அக்சுவரி.”

கொழும்பிலே நடந்த நேர்முகப் பரீட்சையில், என் எதிரே இருந்த பெரியவர் முதலாவது வரியின்மேல் பேனாவை வைத்தார். நான் பயன்படுத்திய தரவில் ஒரு கோரிக்கையும் செய்யாத பத்திரங்கள் எத்தனை என்று கேட்டார். நான் சொன்னேன். “அப்படியானால் ஒருவரும் கோரிக்கை செய்யமாட்டார் என்று எல்லோருக்கும் எழுதிவிட்டால், நூற்றுக்கு எத்தனை சரிவரும், தம்பி?” என்றார். மனத்திலே கணித்தேன். தொண்ணூற்றைந்து என்று வந்தது. அதற்கு மேல் என் வாயிலிருந்து சொல் வரவில்லை.

அந்தத் தரவைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். பிரான்சு தேசத்து மோட்டார்க் காப்புறுதித் தரவு அது. `freMTPL2freq` என்பது அதன் பெயர். எவரும் இலவசமாகப் பெறலாம். நான் எடுத்த பிரதியில் 6,78,013 பத்திரங்கள் உள்ளன. அவற்றுள் 6,43,953 பத்திரங்களில் கோரிக்கையே இல்லை. ஆகவே எதையுமே கற்றுக்கொள்ளாத மாதிரியுருவும் நூற்றுக்கு 95 பெற்றுவிடும். என் மாதிரியுரு செய்ததும் அதுவே. எவர் விபத்துக்குள்ளாவார் என்று பெயர் குறித்துச் சொல்வது அக்சுவரியின் வேலையன்று. இத்தகைய சாரதிகள் ஆயிரம் பேர் ஓராண்டு வாகனம் ஓட்டினால் எத்தனை கோரிக்கைகள் எழும் என்று சொல்வதே அவர் வேலை. நான் கேள்வியையே மாற்றி விடை எழுதியிருந்தேன்.

அதனினும் பெரிய பிழை ஒன்று உள்ளே ஒளிந்திருந்தது. அதை எனக்குக் காட்டியவர், எனக்கு முந்திப் பட்டம் பெற்று இத்தொழிலில் சேர்ந்துவிட்ட அண்ணர் ஒருவர். அத்தரவில் `Exposure` என்றொரு நிரல் உண்டு. ஒவ்வொரு பத்திரமும் ஆண்டில் எவ்வளவு காலம் நடைமுறையில் இருந்தது என்பதை அது காட்டும். ஒருவர் முழு ஆண்டும் காப்புறுதி பெற்றிருக்கிறார். இன்னொருவர் ஒரு மாதம் மாத்திரமே பெற்றிருக்கிறார். இருவரும் கோரிக்கை செய்யவில்லை. இருவரும் ஒரே அளவு நல்ல சாரதிகள் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. ஒருவரைப் பன்னிரண்டு மாதம் கண்டோம். மற்றவரை ஒரு மாதமே கண்டோம். நானோ அந்த நிரலைத் தேவையற்றது என்று நீக்கிவிட்டிருந்தேன்.

அதனால் விளையும் நட்டத்தை எண்ணிப் பாருங்கள். அத்தரவில் ஏறக்குறைய 36,100 கோரிக்கைகள் உள்ளன. இத்தொகையைப் பத்திரங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் நூற்றுக்கு 5.3 வரும். ஆனால் பத்திரங்கள் யாவும் சேர்ந்து நடைமுறையில் இருந்த காலம் ஏறக்குறைய 3,58,000 ஆண்டுகளே. அதனால் வகுத்தால் நூற்றுக்கு 10 வரும். சராசரி நட்டஈடு ஓர் இலட்சம் ரூபா என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். உண்மையில் ஓராண்டுக்கு 10,000 ரூபா அறவிட வேண்டியவரிடம் என் மாதிரியுரு 5,300 ரூபா அறவிடச் சொல்லும். கம்பனி பாதி விலைக்குப் பொருளை விற்று, கோரிக்கைகள் வரும்போது கையைப் பிசையும்.

இதைத் திருத்துவதற்கு ஆர் மொழியிலே ஒரு சிறு பகுதி போதும். அன்று கரும்பலகையில் எழுதிக் காட்டியதை ஈண்டுத் தருகின்றேன்:

```
glm(ClaimNb ~ DrivAge + VehAge + Area
      + offset(log(Exposure)),
    family = poisson, data = d)
```

கோரிக்கைகளின் எண்ணிக்கை பொய்சோன் பரம்பலைப் பின்பற்றுகிறது என்று கொள்கிறோம். `offset` என்ற சொல், காலம் இரட்டித்தால் எதிர்பார்க்கும் கோரிக்கையும் இரட்டிக்கும் என்று மாதிரியுருவுக்குச் சொல்லுகிறது. இவ்வளவே திருத்தம்.

மாதிரியுரு நல்லதா என்று அறிவது எப்படி? முன்கூறிய கோரிக்கைகளின் மொத்தமும் உண்மை மொத்தமும் சமமாக உள்ளன என்று காட்டி மகிழ்ந்துவிடாதீர்கள். மாதிரியுருவை அமைக்கப் பயன்படுத்திய தரவிலே அச்சமம் தானாகவே வரும். கணிதத்தின் அமைப்பு அப்படி. தரவின் ஒரு பகுதியை முன்னரே ஒதுக்கிவைத்து, அதிலுள்ள பத்திரங்களை ஆபத்துக் குறைந்தது முதல் கூடியது வரை வரிசைப்படுத்திப் பத்துக் கூட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் முன்கூறியதையும் நிகழ்ந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பத்தாவது கூட்டம் முதலாவதைவிட உண்மையிலேயே பன்மடங்கு கோரிக்கை செய்ததா? நடுவிலே ஏதேனும் ஒரு கூட்டம் கோணுகின்றதா? இந்த ஒப்பீடுதான் நேர்முகப் பரீட்சையிலே பேசத்தக்கது.

ஆகவே என் முதலாவது வரி இவ்வாறு மாறியது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுதப்படுவது. பொருளைத் தமிழிலே சொல்லுகின்றேன். “பிரான்சு மோட்டார்த் தரவில், காப்புறுதிக் காலத்தைக் கணக்கிற்கொண்டு, கோரிக்கை வீதத்துக்குப் பொய்சோன் மாதிரியுரு அமைத்தேன். ஒதுக்கிவைத்த தரவிலே பத்துக் கூட்டங்களாகச் சோதித்தேன். குறை: சில பதிவுகளில் காலம் ஓராண்டுக்கு மேற்பட்டிருந்தது, அவற்றை ஒன்றாக மட்டுப்படுத்தினேன்.” பெருமையான எண் ஒன்றும் இதில் இல்லை. ஆயினும் படிப்பவர் கேட்கக்கூடிய முதல் மூன்று கேள்விகளுக்கு இதிலே விடை இருக்கிறது. குறையை நாமே எழுதுவது பலவீனமன்று. தரவைத் திறந்து பார்த்தவன் என்பதற்கு அதுவே சாட்சி.

இனி மென்பொருட் பட்டியல். நான் எழுதிய ஒன்பது பெயர்களில் ஒன்று புரொபெற். ஆயுட்காப்புறுதிக் கம்பனிகள் பயன்படுத்தும் விலையுயர்ந்த மென்பொருள் அது. அனுமதிப்பத்திரம் இன்றி மாணவன் அதனைத் தொடமுடியாது. நான் அதைப்பற்றி ஒரு படம் பார்த்திருந்தேன், அவ்வளவே. அதனை அண்ணர் முதலில் வெட்டினார். பின்னர் எஞ்சியவற்றுள் ஒவ்வொன்றின் எதிரிலும் அதைக் கொண்டு செய்த வேலை ஒன்றை எழுதச் சொன்னார். வேலை எழுத முடியாத பெயர்கள் தாமாகவே உதிர்ந்தன. மிஞ்சியவை மூன்று: ஆர், எக்செல், எஸ்.கியூ.எல்.

எக்செல்லை எல்லோருக்கும் தெரியுமே என்று நான் அலட்சியமாகக் கடைசியில் எழுதியிருந்தேன். அலுவலகத்தில் நாள்தோறும் திறப்பது அதைத்தான் என்று அண்ணர் சொன்னார். அதன் எதிரே இப்பொழுது இவ்வாறு உள்ளது: “இருபதாண்டு ஆயுட்காப்புறுதிப் பத்திரம் ஒன்றின் கட்டுப்பணத்தை மரண அட்டவணையிலிருந்து கணித்தேன்; அதே கணக்கை ஆர் மொழியிலும் தனியாகச் செய்து விடைகளை ஒப்பிட்டேன்.” முதன்முறை ஒப்பிட்டபோது விடைகள் ஒத்துவரவில்லை. மரண நட்டஈடு ஆண்டு முடிவில் கொடுபடும் என்று ஒன்றிலும், மரணித்த உடனே கொடுபடும் என்று மற்றதிலும் வைத்திருந்தேன். ஒரு கணக்கை இரண்டு வழியிற் செய்தவனுக்கே இத்தகைய பிழை கண்ணிற்படும்.

மூன்றாவது வரி, பரீட்சைகள். இங்குள்ள மாணவர் பலர் எழுதுவது ஐக்கிய இராச்சியத்து இன்ஸ்ரிரியூட் அன்ட் ஃபக்கல்ட்டி ஒவ் அக்சுவரீஸ் நடத்தும் பரீட்சைகளை. முழுத் தகைமை பெறப் பத்துக்கு மேற்பட்டவற்றில் சித்தியடைய வேண்டும். நான் சித்தியடைந்தவை இரண்டு: சி.எஸ். 1 என்னும் புள்ளிவிபரவியல், சி.பி. 2 என்னும் பொருளியல். சி.எம். 1 என்னும் அக்சுவரிக் கணிதத்தில் தவறினேன். இந்நிலையில் “பாதித் தகைமை” என்று எழுதியது பொய்க்கு அடுத்த வீடு. திருத்திய வடிவம் இது:

மாணவ அங்கத்தவர்.
சித்தி: சி.எஸ். 1 (2024 செப்டெம்பர்), சி.பி. 2 (2025 ஏப்ரில்).
அடுத்த தவணையில் எழுதவிருப்பது: சி.எம். 1.

இவ்வடிவத்தில் நான்கு விதிகள் அடங்கியுள்ளன. பரீட்சையின் பெயரையும் தவணையையும் சேர்த்தே எழுத வேண்டும். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பதை “முடிவு எதிர்பார்க்கப்படுகிறது” என்று தனியே எழுத வேண்டும், சித்திகளோடு கலக்கலாகாது. பல்கலைக்கழகப் பாடத்தின் பேரில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தால் “விலக்கு” என்றே எழுத வேண்டும்; அது சித்தி அன்று. நான்காவது, பாதிப் பரீட்சை என்று ஒன்று இல்லை. நான் எழுதியபோது சி.எஸ். 1 இரண்டு வினாத்தாள்களாக இருந்தது. ஒன்று எழுத்து, மற்றது ஆர் மொழியிலே கணினியிற் செய்வது. இரண்டின் புள்ளிகளையும் சேர்த்தே முடிவு தருவர். ஒன்றில் நன்றாகச் செய்தேன் என்று அதனை மாத்திரம் சித்தியாகக் காட்ட இயலாது.

தோல்வியை எழுத வேண்டுமா என்று தம்பிமார் கேட்பர். விண்ணப்பத்தாளில் எழுத வேண்டியதில்லை. அடுத்த தவணையில் எழுதவிருப்பதைக் குறித்தாற் போதும். ஆனால் கம்பனியின் படிவத்தில் எத்தனை முறை தோற்றினீர் என்ற கேள்வி இருந்தால், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நேரிற் கேட்டாலும் அவ்வாறே சொல்லுங்கள். எந்தப் பகுதியில் தவறினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

திருத்திய தாளோடு வேறொரு கம்பனிக்குச் சென்ற மாதம் விண்ணப்பித்தேன். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தனர். அரைமணி நேரத்தில் பெரும்பகுதி அந்த மோட்டார் மாதிரியுருவைப் பற்றியே கழிந்தது. பத்துக் கூட்டங்களில் எது கோணியது என்று கேட்டார்கள். இளஞ்சாரதிகள் நிறைந்த கடைசிக் கூட்டம் என்றேன். ஏன் என்று நான் நினைப்பதையும் சொன்னேன். சி.எம். 1 பற்றியும் கேட்டார்கள், தவறியதைச் சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை. எதுவாயினும், இம்முறை அத்தாளில் உள்ள ஒரு வரிக்கேனும் நான் தலைகுனியவில்லை.